மைல்கல்லை மட்டும் நம்பும் ரூட்டர்கள்

நெடுஞ்சாலை ஓரத்து மைல்கல்லில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதோடு சரி. நடுவில் எத்தனை பாலம், சாலை எந்தக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, நேற்றைய மழையில் எங்காவது அரித்துப் போயிருக்கிறதா என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் போ, இவ்வளவு தூரம் என்று மட்டும் அது சொல்லும்.

டிஸ்டன்ஸ் வெக்டர் ரூட்டிங் என்ற முறையில் ஒரு ரூட்டருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். டிஸ்டன்ஸ் என்பது தூரம், வெக்டர் என்பது இங்கே திசையோடு சேர்ந்த தூரங்களின் பட்டியல். நெட்வொர்க்கின் முழு வரைபடம் எந்த ரூட்டரிடமும் கிடையாது. எந்த நெட்வொர்க்குக்குப் போக வேண்டுமானாலும் எந்தப் பக்கத்து ரூட்டரிடம் பாக்கெட்டைக் கொடுக்க வேண்டும், அந்த வழியாக மொத்தம் எத்தனை தூரம் என்ற ஒரு வரிதான் அதன் கையில் இருக்கிறது. இவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு வழி கண்டுபிடிக்க முடிவதே ஆச்சரியம்தான். ஆனால் ஒரு கேபிள் அறுந்தால் அதே குறைவான அறிவு எப்படிப் பழிவாங்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

மூன்று ரூட்டர்களை எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க் ஆட்கள் மெஷின்களுக்கு மரம், ஆறு, கோள் என்று பெயர் வைத்துப் பழகியவர்கள். அதனால் இவற்றுக்குப் பனை, தென்னை, வாழை என்று பெயர் வைக்கிறேன். வாழை மரமே இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூன்றும் ஒரே வரிசையில் இணைந்திருக்கின்றன: பனைக்குப் பக்கத்தில் தென்னை, தென்னைக்குப் பக்கத்தில் வாழை. வாழைக்குப் பின்னால் ஒரு கிடங்கின் கணினிகள் இருக்கின்றன. அந்த நெட்வொர்க்கின் முகவரி 10.0.3.0/24. இனி அதைக் கிடங்கு என்றே சொல்வோம். கட்டுரை முழுக்க இந்த ஒரு இடத்துக்குப் போகும் வழியைத்தான் கவனிக்கப் போகிறோம்.

எல்லாவற்றையும் இப்போதுதான் ஆன் செய்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு ரூட்டருக்கும் தன்னோடு நேரடியாகக் கேபிளில் ஒட்டியிருப்பவை மட்டும் தெரியும். வாழையின் டேபிளில் 'கிடங்கு, தூரம் 1' என்று இருக்கிறது. தென்னைக்கும் பனைக்கும் கிடங்கு என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

இப்போது வாழை தன் டேபிளைப் பக்கத்து ரூட்டருக்கு அனுப்புகிறது. தென்னை அதைப் படித்துவிட்டு, 'வாழையிலிருந்து கிடங்கு 1 என்றால், வாழை வரை போக எனக்கு இன்னொரு 1 ஆகும், மொத்தம் 2' என்று கணக்குப் போட்டு, 'கிடங்கு, தூரம் 2, வாழை வழியாக' என்று எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை தென்னை தன் டேபிளை அனுப்பும்போது பனை அதைப் பார்த்து 'கிடங்கு, தூரம் 3, தென்னை வழியாக' என்று எழுதுகிறது. பனைக்கு வாழை என்ற ரூட்டர் இருப்பதே தெரிய வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். தென்னையிடம் கொடுத்தால் போய்விடும் என்பது மட்டும் அதற்குப் போதும்.

இங்கே தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல. ஒரு ரூட்டரிலிருந்து அடுத்த நெட்வொர்க்குக்குத் தாவுவது ஒரு ஹாப். மேலே எண்ணியது ஹாப்களைத்தான். இந்த முறையில் இயங்கும் புரோட்டோகால்களில் எல்லோரும் முதலில் படிப்பது ரிப். 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் `routed` என்ற நிரலாக இது பரவியது. அப்புறம் 1988-ல் சார்லஸ் ஹெட்ரிக் எழுதிய ஆர்எஃப்சி 1058 என்ற இன்டர்நெட் ஆவணம் அதை முறையாக எழுத்தில் வைத்தது. ரிப்பில் ஒவ்வொரு ரூட்டரும் 30 நொடிக்கு ஒருமுறை தன் முழு டேபிளையும் யுடிபி போர்ட் 520 வழியாக அக்கம்பக்கத்துக்கு அனுப்பும். கேட்டார்களா இல்லையா என்று திரும்பக் கேட்காது. யுடிபி என்பதால் ஒரு பாக்கெட் தொலைந்தால் தொலைந்ததுதான், அடுத்த 30 நொடியில் இன்னொன்று வரும். ஒரு வழியைப் பற்றி 180 நொடி எந்தப் பேச்சும் வரவில்லையென்றால் அந்த வழி செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

டேபிள் வந்ததும் ரூட்டர் செய்யும் வேலைக்கு மூன்றே மூன்று விதிகள்தான். தெரியாத நெட்வொர்க்கைப் பற்றிய செய்தி வந்தால் எழுதிக்கொள். தெரிந்த நெட்வொர்க்குக்கு இப்போது இருப்பதைவிடக் குறைந்த தூரம் வந்தால் அதற்கு மாறு. மூன்றாவது விதியைத்தான் பலர் புத்தகத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள்: நான் யார் வழியாகப் போகிறேனோ அதே ரூட்டரே புதிய எண் சொன்னால், அது கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் ஏற்றுக்கொள்.

மூன்றாவது விதி ஏன் வேண்டும்? தென்னை வாழையை நம்பிப் போகிறது. வாழையே 'எனக்கு இப்போது தூரம் கூடிவிட்டது' என்று சொன்னால், 'என் டேபிளில் குறைவாக இருக்கிறதே, நான் மாற மாட்டேன்' என்று தென்னை பிடிவாதம் பிடிக்க முடியாது. அந்தக் குறைந்த எண் வாழை கொடுத்ததுதானே, கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொண்டார். இந்த விதி இல்லையென்றால் கெட்ட செய்தி எந்த ரூட்டருக்கும் ஏறாது. ஆனால் இன்னும் சற்று நேரத்தில் நடக்கப்போகும் கூத்துக்கு எரிபொருள் போடுவதும் இதே விதிதான்.

கணிதமாக எழுதினால் மொத்தமும் ஒரே வரி. 1950-களில் ரிச்சர்ட் பெல்மனும் லெஸ்டர் ஃபோர்டும் தனித்தனியாகச் செய்த வேலையிலிருந்து வந்ததால் பெல்மன்-ஃபோர்டு என்று பெயர்.

```
D(x, N) = min over v [ c(x, v) + D(v, N) ]
```

`x` என்ற ரூட்டரிலிருந்து `N` என்ற நெட்வொர்க்குக்குத் தூரம் என்ன? பக்கத்து ரூட்டர் `v` ஒவ்வொன்றுக்கும், அது வரை போகும் செலவையும் அது சொல்லும் தூரத்தையும் கூட்டு. கிடைத்தவற்றில் ஆகச் சிறியதை எடு. அந்த `min` என்ற சொல்லில் கண் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

நல்ல செய்தி வரும்போது `min` அழகாக வேலை செய்யும். பனைக்கும் வாழைக்கும் நடுவே நேரடியாக ஒரு கேபிள் இழுக்கிறோம் என்று வையுங்கள். வாழையின் அடுத்த அறிவிப்பில் பனைக்குக் 'கிடங்கு 1' என்று நேரடியாக வருகிறது. ஒன்றைக் கூட்டினால் 2. ஏற்கெனவே இருப்பது 3. இரண்டு சிறியது, உடனே மாறிவிடும். நல்ல செய்தி ஒரு சுற்றுக்கு ஒரு ரூட்டர் என்று முன்னேறிக்கொண்டே போகும். மிகத் தூரத்து ரூட்டர் பத்து ஹாப் தள்ளி இருந்தால் பத்துச் சுற்றுக்குள் செய்தி போய்விடும்.

அந்தப் புதிய கேபிளைக் கழற்றிவிடுவோம், பிற்பாடு வேண்டும். மறுபடி பனை, தென்னை, வாழை என்று ஒரே வரிசை. இப்போது வாழைக்கும் கிடங்குக்கும் நடுவே இருக்கும் கேபிளை எலி கடித்துவிடுகிறது.

கேபிள் போனது வாழைக்கு உடனே தெரியும், அதன் சொந்தப் போர்ட்தானே. டேபிளில் 'கிடங்கு, போக முடியாது' என்று திருத்திக்கொள்கிறது. தன் அடுத்த அறிவிப்பில் அதைத் தென்னைக்குச் சொல்லக் காத்திருக்கிறது. அதற்கு முன்பே தென்னையின் 30 நொடி முடிந்து, அதன் வழக்கமான அறிவிப்பு வாழைக்கு வந்துவிடுகிறது. அதில் ஒரு வரி: 'கிடங்கு, தூரம் 2'.

வாழையின் இடத்திலிருந்து யோசியுங்கள். எனக்கு வழி இல்லை. தென்னை தனக்கு இரண்டு ஹாப்பில் வழி இருப்பதாகச் சொல்கிறது. அந்த இரண்டு ஹாப்பில் ஒன்று நானேதான் என்று அந்த வரியில் எங்குமே எழுதவில்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. சரி, தென்னைக்கு வேறு ஏதோ வழி கிடைத்திருக்கிறது போல. இரண்டோடு ஒன்று மூன்று. 'கிடங்கு, தூரம் 3, தென்னை வழியாக' என்று வாழை எழுதிக்கொள்கிறது. தான் சொன்ன பழைய செய்தியே ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்ததை, யாரோ புதிதாகச் சொன்ன செய்தி என்று நம்பிவிட்டது.

அப்புறம் வாழையின் முறை. 'கிடங்கு 3' என்று அறிவிக்கிறது. தென்னை வாழையை நம்பித்தான் போகிறது, மூன்றாவது விதிப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும்: 3 + 1 = 4. தென்னை 4 என்று அறிவிக்கிறது. வாழை தென்னை வழியாகப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் ஏற்றுக்கொள்கிறது: 5. தென்னை 6, வாழை 7. இருவரும் விதியை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இல்லாத கிடங்குக்கான தூரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

```
வாழை    3   5   7   9   11   13   15
தென்னை  4   6   8   10  12   14   16
```

இதற்குத்தான் கவுண்ட் டு இன்ஃபினிட்டி என்று பெயர், முடிவிலி வரை எண்ணுதல். சுற்றுக்கு இரண்டு இரண்டாக ஏறும் எண் எப்போது நிற்கும்? தானாக நிற்கவே நிற்காது. அதனால் ரிப் ஒரு வேலை செய்தது. முடிவிலி என்றால் 16 என்று வைத்துக்கொண்டது. 16 வந்தால் போக முடியாத இடம் என்று அர்த்தம். 15 ஹாப்பைத் தாண்டிய நெட்வொர்க்குகளுக்கு ரிப் உதவாது என்பதற்கு இதுதான் காரணம். பதினைந்து ரூட்டரைத் தாண்டிப் பாக்கெட்டை அனுப்புவதில் எந்தச் சிரமமும் கிடையாது. எண்ணி முடிக்கும் நேரத்தைக் குறைக்க முடிவிலியைக் கீழே இறக்கினார்கள், அதற்குக் கொடுத்த விலை நெட்வொர்க்கின் அளவு. எனக்கு இது ஒரு தீர்வாகவே தெரியவில்லை, தோல்வியை ஒத்துக்கொண்டு அதற்கு ஓர் எல்லை போட்டது போலத்தான் தெரிகிறது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தென்னையின் எண் 2-லிருந்து 16-க்குப் போக ஏழு சுற்று வேண்டும். சுற்றுக்கு 30 நொடி என்றால் சுமார் மூன்றரை நிமிடம். பனையும் தென்னைக்குப் பின்னாலேயே 5, 7, 9 என்று எண்ணிக்கொண்டு வரும்.

அந்த மூன்றரை நிமிடமும் உண்மையான பாக்கெட்டுகளுக்கு என்ன ஆகும் என்பதுதான் விஷயம். பனைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கணினி கிடங்குக்குப் பாக்கெட் அனுப்புகிறது. பனை தென்னையிடம் கொடுக்கிறது, தென்னை வாழையிடம், வாழை திரும்பத் தென்னையிடம். பந்து மாதிரி அங்கும் இங்கும் அடிபடும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் பாக்கெட்டில் இருக்கும் டிடிஎல் என்ற எண் ஒன்று குறையும், பூஜ்ஜியமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். லினக்ஸ் வழக்கமாக 64 என்று ஆரம்பிக்கும். ஆக ஒரே பாக்கெட் அந்தக் கேபிளில் அறுபது தடவைக்கு மேல் ஓடுகிறது. நிறைய பாக்கெட் வந்தால் அந்த ஒரு கேபிளே அடைத்துக்கொள்ளும். ரிப்பின் அறிவிப்புகளும் அதே கேபிளில்தான் போகின்றன, யுடிபியில். நெரிசலில் அவையும் தொலைந்தால் எண்ணுவது இன்னும் தாமதமாகும்.

இதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எளிது. வழி இல்லாத இடத்துக்குப் பிங் அடித்தால் `Destination Net Unreachable` என்று வர வேண்டும். அதற்குப் பதிலாக `Time to live exceeded` என்று வந்தால் பாக்கெட் எங்கோ வட்டமடிக்கிறது என்று அர்த்தம். `traceroute` இன்னும் தெளிவாகக் காட்டும். பனைக்கும் தென்னைக்கும் நடுவே 10.0.12.0/24, தென்னைக்கும் வாழைக்கும் நடுவே 10.0.23.0/24 என்று முகவரி வைத்திருந்தால் இப்படித் தெரியும்:

```
 1  10.0.1.1
 2  10.0.12.2
 3  10.0.23.3
 4  10.0.12.2
 5  10.0.23.3
 6  10.0.12.2
```

இரண்டு முகவரிகள் மாறி மாறி வருகின்றன. இதை முதன்முதலில் மூன்று பழைய லினக்ஸ் பெட்டிகளில் செய்து பார்த்தபோது, நான் எதிர்பார்த்தபடி நடக்கவே இல்லை. போர்ட்டை அணைத்ததும் வழி சுத்தமாகப் போய்விட்டது, எண்ணுவதையே காணோம். காரணம், இன்றைய ரிப் நிரல்கள் ஒரு வழி போனதும் 30 நொடி காத்திருக்காது. உடனே, சொந்த அறிவிப்பை முந்திக்கொண்டு, போன செய்தியை மட்டும் அனுப்பிவிடும். ட்ரிகர்ட் அப்டேட் என்பார்கள். தென்னையின் பழைய செய்தி நுழைய இடமே கிடைப்பதில்லை. கடைசியில் ஸ்ப்ளிட் ஹொரைசன் என்ற தற்காப்பை அணைத்துவிட்டு, வாழையிலிருந்து கிளம்பும் ரிப் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் தடுத்து வைத்த பிறகுதான் வட்டம் வந்தது.

```
iptables -A OUTPUT -p udp --dport 520 -j DROP
ip link set dummy0 down
```

கிடங்குக்குப் பதிலாக `dummy0` என்ற போலிப் போர்ட். தென்னையின் வழக்கமான அறிவிப்பு வந்து சேர்ந்ததும் முதல் வரியை `-A` இருக்கும் இடத்தில் `-D` போட்டு நீக்கிவிட வேண்டும். அதன் பிறகு எண் ஏறுவதை டேபிளில் நேரிலேயே பார்க்கலாம். ட்ரிகர்ட் அப்டேட் இங்கேயும் வேலை செய்வதால் மூன்றரை நிமிடம் ஆகாது, விறுவிறுவென்று ஏறும். ஆர்எஃப்சி 1058 இப்படிப்பட்ட அவசர அறிவிப்புகளுக்கு நடுவே 1 முதல் 5 நொடி இடைவெளி விடச் சொல்கிறது.

மேலே ஸ்ப்ளிட் ஹொரைசன் என்று சொன்னேன். அதன் யோசனை ரொம்ப எளிது: யாரிடமிருந்து ஒரு வழியைக் கற்றாயோ, அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே. தென்னை கிடங்குக்கான வழியை வாழையிடம்தான் கற்றது. அதனால் வாழைக்கு அனுப்பும் டேபிளில் கிடங்கு என்ற வரியையே விட்டுவிடும். பனைக்கு அனுப்புவதில் மட்டும் இருக்கும். இதில் இன்னும் கறாரான வகை பாய்சன் ரிவர்ஸ். வரியை விட்டுவிடாமல், 'கிடங்கு, 16' என்று வாழைக்கு அழுத்திச் சொல்லும். பேசாமல் இருப்பதைவிட 'என் வழியாக வராதே' என்று சொல்வது மேல், ஏற்கெனவே தப்பாக நம்பியிருந்தால் உடனே திருந்தும். விலை என்னவென்றால் அனுப்பும் டேபிள் பெரிதாகும்.

நம் மூன்று மர வரிசையில் இது பிரச்சினையை முழுதாகத் தீர்த்துவிடுகிறது. வாழைக்குத் தென்னையிடமிருந்து கிடங்கைப் பற்றி எந்தத் தப்பான செய்தியும் வராது. நிறைய பாடக் குறிப்புகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிவிடுகின்றன. தீரவில்லை.

கழற்றி வைத்த கேபிளை மறுபடி மாட்டுங்கள், பனைக்கும் வாழைக்கும் நடுவே. இப்போது மூன்றும் ஒரு முக்கோணம். பனைக்கும் தென்னைக்கும் கிடங்கு 2 ஹாப், இரண்டுமே நேராக வாழை வழியாகத்தான் போகின்றன. ஸ்ப்ளிட் ஹொரைசன் ஆனில் இருக்கிறது. பனை இந்த வழியை வாழையிடம் சொல்லாது, ஆனால் தென்னையிடம் சொல்லும், தென்னையிடமிருந்து கற்கவில்லையே. அதே போலத் தென்னையும் பனையிடம் சொல்லும். இப்போது எலி மறுபடி வருகிறது.

வாழை இரு பக்கமும் 'கிடங்கு 16' என்று உடனே அறிவிக்கிறது. தென்னைக்கு அது போய்ச் சேர்கிறது, தென்னை வழியை அழித்துவிடுகிறது. பனைக்குப் போன பாக்கெட் வழியில் தொலைந்துவிடுகிறது. யுடிபி, யாரும் மறுபடி அனுப்ப மாட்டார்கள். இப்போது பனையின் வழக்கமான அறிவிப்பு தென்னைக்கு வருகிறது: 'கிடங்கு 2'. தென்னைக்குச் சந்தோஷம். 'வாழை போனாலும் பனையிடம் வழி இருக்கிறதே' என்று 3 என்று எழுதிக்கொள்கிறது. இதைப் பனையிடம் திருப்பிச் சொல்லாது, விதி அதுதான். ஆனால் வாழையிடம் சொல்லலாம், வாழையிடம் கற்ற வழி இல்லையே இது! வாழை கேட்டு 4 என்று எழுதுகிறது. வாழை தென்னையிடம் சொல்லாது, பனையிடம் சொல்லும். பனை வாழையை நம்பித்தான் போகிறது, ஆகவே மூன்றாவது விதி: 5. பனை தென்னையிடம் சொல்கிறது: 6. வாழை 7, பனை 8.

இரண்டு பேர் கை மாற்றி விளையாடியது, இப்போது மூன்று பேர் வட்டமாக விளையாடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனக்குச் சொன்னவரிடம் திருப்பிச் சொல்லாமல் அடுத்தவரிடம் மட்டும் சொல்கிறார்கள், ஸ்ப்ளிட் ஹொரைசன் ஒருமுறைகூட மீறப்படவில்லை. 16 வரை எண்ணித்தான் தீர வேண்டும். பாய்சன் ரிவர்ஸ் போட்டாலும் இதே கதைதான். இரண்டு ரூட்டர் வட்டத்தை மட்டுமே அது உடைக்கும், மூன்றோ அதற்கு மேலோ என்றால் உதவாது. ஆர்எஃப்சி 1058 இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

ஒரு சின்னத் திசைதிருப்பல். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-ல் தொடங்கியபோது அதன் முதல் ரூட்டிங் முறையும் டேபிள்களைப் பரிமாறும் இந்த வகைதான். ஹாப்பை எண்ணுவதற்குப் பதிலாகத் தாமதத்தைக் கணக்கில் எடுத்தார்கள், டேபிள்களையும் 30 நொடி காத்திராமல் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு வேகமாகப் பேசியும் கெட்ட செய்தி மெதுவாகப் பரவுவதும் வழிகள் வட்டமடிப்பதும் போகவில்லை. 1979-ல் அதைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு ரூட்டரிடமும் முழு வரைபடத்தையும் கொடுக்கும் வேறு முறைக்குப் போனார்கள். இன்றைய ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகால் அந்த வழியில் வந்தது. அடிக்கடி பேசினால் எண்ணுவது சீக்கிரம் முடியும். ஆனால் எண்ணவே ஆரம்பிக்காமல் இருக்க அது உதவாது.

அப்படியானால் வரைபடம் இல்லாமல், மைல்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தடுக்கவே முடியாதா? ஒரு வழி, மைல்கல்லில் எண்ணோடு சேர்த்து ஊர்ப்பெயர்களையும் எழுதுவது. இன்டர்நெட்டில் நிறுவனங்களுக்கு நடுவே ஓடும் பிஜிபி புரோட்டோகால் அதைத்தான் செய்கிறது. வழியில் வரும் ஒவ்வொரு நெட்வொர்க்கின் எண்ணும் அறிவிப்பிலேயே வரிசையாக இருக்கும். தன் எண் அந்தப் பட்டியலில் இருந்தால் 'இது என்னிடமிருந்து போனது' என்று தள்ளிவிடலாம். வாழைக்கு அன்று இந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் முதல் அடியிலேயே கதை முடிந்திருக்கும்.

இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் இதில் எண்ணைத் தவிர வேறு எதுவும் கூடுதலாக அனுப்ப வேண்டாம். நான் இதுவரை கிடங்குக்கு அறிவித்த ஆகக் குறைந்த தூரத்தை நினைவில் வைத்துக்கொள்கிறேன். பக்கத்து ரூட்டர் சொல்லும் தூரம் அதைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருந்தால்தான் அவர் வழியாகப் போவேன். சமமாக இருந்தாலும் போக மாட்டேன். காரணம் எளிது: என் வழியாகப் போகிறவருக்கு என்னைவிடத் தூரம் அதிகமாகத்தான் இருக்க முடியும். என்னைவிடக் கிட்டத்தில் இருப்பவர் என் வழியாகப் போக வாய்ப்பே இல்லை.

நம் கதையில் வைத்துப் பாருங்கள். வரிசையில் இருந்தபோது வாழையின் ஆகக் குறைந்த தூரம் 1. தென்னை 2 என்று சொன்னது. 2 என்பது 1-ஐவிடக் குறைவில்லை, தள்ளிவிடு. முக்கோணத்தில் தென்னையின் குறைந்த தூரம் 2, பனை சொன்னதும் 2. குறைவில்லை, தள்ளிவிடு. இரண்டு இடத்திலும் எண்ணுதல் ஆரம்பிக்கவே இல்லை. கார்சியா லூனா அசெவெஸ் வடிவமைத்த டுவல் என்ற அல்காரிதமும் அதைப் பயன்படுத்தும் ஈஐஜிஆர்பி புரோட்டோகாலும் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன. யூலியுஸ் க்ரோபோசெக் உருவாக்கிய பேபல் புரோட்டோகாலும், ஆர்எஃப்சி 8966, அதே வழிதான்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, அதை நம் முக்கோணத்திலேயே பார்க்கலாம். இந்த முறை எலி கிடங்குக் கேபிளை விட்டுவிட்டு, தென்னைக்கும் வாழைக்கும் நடுவே இருப்பதைக் கடிக்கிறது. கிடங்கு நன்றாக இருக்கிறது. பனைக்கு வாழை வழியாக உண்மையிலேயே 2 ஹாப்பில் வழி இருக்கிறது. பனை தென்னையிடம் 'கிடங்கு 2' என்கிறது. தென்னையின் விதி: 2 என்பது 2-ஐவிடக் குறைவில்லை, தள்ளிவிடு. நல்ல வழி கண்ணெதிரே இருந்தும் தென்னை அதை எடுக்கவில்லை. முன்பு பனை சொன்ன செத்துப்போன 2-க்கும் இப்போது சொல்லும் உயிருள்ள 2-க்கும் தென்னையின் பார்வையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பேபல் இதை ஒரு வரிசை எண்ணால் தீர்க்கிறது. ஒவ்வொரு அறிவிப்பிலும், அந்த நெட்வொர்க்கை நேரடியாக வைத்திருப்பவர் போட்ட ஒரு எண் இருக்கும், அதை வேறு யாரும் ஏற்ற முடியாது. மாட்டிக்கொண்ட தென்னை 'கிடங்குக்குப் புதிய எண் வேண்டும்' என்று பனையிடம் கேட்கும். கோரிக்கை பனை வழியாக வாழைக்குப் போகும். வாழை எண்ணை ஒன்று ஏற்றி மறுபடி அறிவிக்கும். அது பனை வழியாகத் தென்னைக்கு வரும்போது எண் புதிது என்பதால் பழைய தூரத்தோடு ஒப்பிடத் தேவையில்லை, தென்னை 3 என்று எழுதிக்கொண்டு போக்குவரத்தைத் தொடங்கிவிடும். கிடங்கின் கேபிளே அறுந்திருந்தால் வாழை அந்த எண்ணை ஏற்றாது, வேறு யாராலும் ஏற்றவும் முடியாது. தென்னை கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது, பழைய 2-ஐ யார் எத்தனை முறை சொன்னாலும் தென்னையின் டேபிளில் ஏறாது.